ராமேஸ்வரத்துக்குக் குறைப்பதா, கீழக்கரைக்குக் கூட்டுவதா? ஊர்வாரி விளம்பர ஏலத்தொகையின் கணக்கு

ராமநாதபுரம் டவுனில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருப்பவர் ஒருவர், கூகுளில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் ஓடிய பிறகு ஊர்வாரி அறிக்கையைத் திறக்கிறார். ராமநாதபுரத்தில் ஒரு அழைப்பு வர 120 ரூபாய் செலவாகியிருக்கிறது. கீழக்கரையில் 80 ரூபாய். ராமேஸ்வரத்தில் 310 ரூபாய். பார்த்தவுடன் கை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ராமேஸ்வரத்தின் ஏலத்தொகையை, அதாவது அங்கே ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் கொடுக்கச் சம்மதித்த விலையை, பாதியாக வெட்டுவார், கீழக்கரையில் இரட்டிப்பாக்குவார்.

இரண்டுமே அவசர முடிவுகள். முதலாவது நல்ல வருமானம் தரும் வேலைகளைக் கையை விட்டுப் போகச் செய்யும். இரண்டாவது, வரவேண்டிய அதே கிளிக்குக்கு அதிக விலை கொடுக்க வைக்கும். ஊர்வாரி அறிக்கையின் ஒவ்வொரு வரியும், அந்த நேரத்தில் ஒரு போன் எங்கே இருப்பதாகத் தெரிந்தது என்பதைத்தான் சொல்கிறது. வேலை எந்த ஊரில், அதில் கையில் என்ன நின்றது என்பது கடையின் வேலைப் புத்தகத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஏலத்தொகையைத் தொடக்கூடாது. அதை எப்படி வைப்பது என்பதை இந்த ஏசி கடையை வைத்தே பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கிளிக் 12 ரூபாய் என்று எல்லா ஊருக்கும் ஒரே விலையாக வைத்திருக்கிறேன், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று.

| போன் இருந்ததாகக் காட்டும் இடம் | கிளிக் | அழைப்பு | ஒரு அழைப்பின் செலவு (ரூ.) |
|---|---|---|---|
| ராமநாதபுரம் | 620 | 62 | 120 |
| கீழக்கரை | 140 | 21 | 80 |
| ராமேஸ்வரம் தீவு | 310 | 12 | 310 |
| மண்டபம் | 40 | 1 | 480 |
| சென்னை | 200 | 14 | 171 |

இது மார்ச், ஏப்ரல், மே மாதக் கணக்கு. ஏசி வேலைக்கு அதுதான் சீசன்.

பின்கோடு வரை இறங்கலாமா?

ஊர் அளவில் பார்ப்பதைவிட பின்கோடு அளவில் பார்த்தால் இன்னும் துல்லியம் என்று தோன்றும். 623501 ராமநாதபுரம், 623517 கீழக்கரை, 623526 ராமேஸ்வரம், 623529 தங்கச்சிமடம் என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும். ஆனால் பின்கோடு என்பது தபால் பட்டுவாடாவுக்காகப் பிரித்த எல்லை. ஒரு தபால் நிலையத்தின் கீழ் டவுனும் வரும், நாலைந்து கிராமமும் வரும். வசதியான தெருவும் வசதியில்லாத தெருவும் ஒரே எண்ணில் இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் போனின் இடம் எப்படித் தெரிகிறது என்பதில் இருக்கிறது. ஜிபிஎஸ், பக்கத்திலிருக்கும் வைஃபை, செல்போன் கோபுரம் ஆகியவை கிடைத்தால் இடம் ஓரளவு சரியாக இருக்கும். இவை கிடைக்காதபோது ஐபி முகவரிதான் ஆதாரம். மொபைல் டேட்டாவில் அந்த ஐபி பல நேரம் நெட்வொர்க் நிறுவனத்தின் பெரிய மையம் இருக்கும் ஊரையே காட்டும். அதனால் தேவிபட்டினத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேடுபவர் மதுரைக்காரராகவோ சென்னைக்காரராகவோ பதிவாகலாம். மாவட்டம், ஊர், பின்கோடு என்று எவ்வளவு கீழே இறங்குகிறோமோ அவ்வளவு இந்தப் பிழை கூடும். பின்கோடு வரியில் கணிசமான கிளிக் எந்த எண்ணிலும் சேராமல் ஊர் அளவிலோ மாவட்ட அளவிலோ நின்றுவிடுவதையும் பார்க்கலாம்.

ஆகவே பின்கோட்டை அறிக்கையில் தேடுவதைவிட, வேலைப் புத்தகத்தில் எழுதுவதுதான் அதிகப் பயன். போனை எடுப்பவர் "வீடு எந்த ஊருங்க, பின்கோடு சொல்லுங்க" என்று கேட்டு ஒரு கட்டத்தில் எழுதிவிட்டால் போதும். அந்த எண் பொய் சொல்லாது, ஏனென்றால் மெக்கானிக் அங்கேதான் போகப்போகிறார். விளம்பரத்தில் ஏலத்தொகையை மாற்றும்போது பின்கோடுகளை ஒரே பயணத்தில் முடிக்கக்கூடிய கூட்டங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் மூன்றும் ஒரே பயணம். அதனால்தான் மேலே உள்ள அட்டவணையில் தீவு முழுவதையும் ஒரே வரியாக வைத்தேன்.

இன்னொன்று. கடையை நடுவில் வைத்து வட்டம் போடும் வசதியை இந்தக் கரையில் நான் விரும்புவதில்லை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்தைத் தொடும் அளவுக்கு வட்டம் போட்டால், வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மேற்கே பரமக்குடி, முதுகுளத்தூர் எல்லாம் கேட்காமலே உள்ளே வந்துவிடும். ஊர் பெயர்களைத் தனித்தனியாகச் சேர்ப்பதே நல்லது. அப்போதுதான் ஒவ்வொன்றுக்கும் தனி ஏலத்தொகையும் வைக்க முடியும்.

ராமேஸ்வரத்தின் 310 ரூபாய் எங்கிருந்து வந்தது

ஒரு ஊரின் அழைப்புச் செலவு மற்றதைவிட இரண்டரை மடங்கு அதிகம் என்றால், அந்த ஊர்க்காரர்கள் போன் செய்ய மாட்டார்கள் என்று பொருளா? அல்லது அந்த ஊரில் வேறு யாரோ நம் விளம்பரத்தை அழுத்துகிறார்களா? இதைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு ஊருக்கு மட்டும் தேடல் சொற்கள் அறிக்கையைப் பார்க்க வேண்டும். எல்லா ஊரும் ஒரே கேம்பெயினில் கலந்திருந்தால் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்ப்பது சிரமம். ராமேஸ்வரத்துக்கு மட்டும் ஒரு கேம்பெயின் நகல் எடுத்துச் சில வாரம் ஓடவிட்டால் படம் தெளிவாகிவிடும்.

ராமேஸ்வரத்தில் என்ன வரும் என்பதை அந்த ஊரைத் தெரிந்தவர் ஊகித்துவிடுவார். ராமநாதசுவாமி கோயிலுக்கு வந்து இறங்கும் யாத்திரிகர், பஸ் ஸ்டாண்டிலிருந்தோ ரயில்வே ஸ்டேஷனிலிருந்தோ "ac room rameswaram" என்று தேடுகிறார். ஏசி என்ற சொல்லைப் பார்த்து நம் விளம்பரம் எழும்புகிறது. அவசரத்தில் அழுத்துகிறார், உள்ளே போய்ப் பார்த்தால் கேஸ் சார்ஜ், அவுட்டோர் யூனிட் வாட்டர் வாஷ் என்று இருக்கிறது, திரும்பிவிடுகிறார். 12 ரூபாய் போனது. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் இந்தச் செலவு இன்னும் ஏறும்.

நம் உதாரணத்தில் 310 கிளிக்கில் 190 இப்படி அறை தேடியவர்களுடையது என்று வைப்போம். அதிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. மீதி 120 கிளிக்கில்தான் 12 அழைப்பும் வந்தது. அதாவது பத்துக்கு ஒன்று. 120 கிளிக்குக்கு 1,440 ரூபாய், ஒரு அழைப்புக்கு 120 ரூபாய். ராமநாதபுரத்தின் அதே எண். ராமேஸ்வரத்துக்காரர்கள் டவுன்காரர்களைப் போலத்தான் அழைக்கிறார்கள். ஏலத்தொகையைப் பாதியாக்கியிருந்தால் அறை தேடுபவர்களோடு சேர்த்து இவர்களையும் குறைத்திருப்போம். கெட்டது ஊர் அல்ல, தேடல் சொல்.

அதற்கு மருந்து விலக்குச் சொற்கள், அதாவது இந்தச் சொல் வரும் தேடலுக்கு விளம்பரத்தைக் காட்டாதே என்று முன்பே கொடுத்துவைப்பது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். lodge என்ற சொல்லைத் தனியாக விலக்கிவிட்டால், "lodge ac service" என்று தேடும் லாட்ஜ் முதலாளியும் போய்விடுவார். இந்தத் தீவில் நமக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வாடிக்கையாளரே அவர்தான். மேற்கோள் குறிக்குள் போட்டுச் சொல்தொடராக விலக்கினால், அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரும் தேடல் மட்டும் தடைபடும்:

```
room
"ac lodge"
"ac hotel"
"ac cottage"
```

room என்பதைத் தனிச்சொல்லாகவே விலக்கலாம். தமிழில் "ஏசி ரூம்" என்று தட்டுபவர்களும் உண்டு, அதையும் சேர்க்க வேண்டும்.

சரி, அழைப்பு வரும் விகிதம் டவுனுக்குச் சமம் என்றால் ஏலத்தொகையும் சமமாகவே இருக்கட்டுமா? இப்போதுதான் வேலைப் புத்தகம் தேவைப்படுகிறது. ராமநாதபுரத்தில் 62 அழைப்பில் 40 வேலையாகியது, மெக்கானிக் கூலியும் பெட்ரோலும் போக ஒரு வேலைக்குச் சராசரியாக 450 ரூபாய் நின்றது. மொத்தம் 18,000. அதை 620 கிளிக்கால் வகுத்தால், ஒரு கிளிக் 29 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

ராமேஸ்வரத்துக்கு ஒரு வழி மட்டுமே சுமார் 55 கிலோமீட்டர். போய்வர 110 கிலோமீட்டர், அரை நாள் போய்விடும். பெட்ரோலும் நேரமும் சேர்த்து 300 ரூபாய் என்று போட்டால், ஒற்றை ஏசி உள்ள வீட்டு வேலையில் 350 ரூபாய் வந்தாலும் 50 ரூபாய்தான் மிஞ்சும். ஆனால் 12 அழைப்பில் வேலையான ஏழில் இரண்டு லாட்ஜ்கள், ஆளுக்குப் பத்து ஏசி. ஒவ்வொன்றிலும் பயணச் செலவு போக 3,200 ரூபாய். இரண்டு லாட்ஜுக்கு 6,400, ஐந்து வீட்டுக்கு 250, ஆக மொத்தம் 6,650. உருப்படியான 120 கிளிக்கால் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு 55 ரூபாய். டவுனைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வெட்ட வேண்டும் என்று நினைத்த ஊர் கூட்ட வேண்டிய ஊராகிவிட்டதே என்று உடனே 90 சதவீதம் ஏற்றிவிடக் கூடாது. அந்த 55 ரூபாய் முழுக்க இரண்டே இரண்டு லாட்ஜ்களின் மேல் நிற்கிறது. ஒரு லாட்ஜ் வராமல் அந்த இடத்தில் இன்னொரு வீடு வந்திருந்தால் மொத்தம் 3,500 ஆகியிருக்கும், கிளிக்குக்கு 29 ரூபாய். மறுபடியும் டவுனின் எண்ணேதான். ஒரு வாடிக்கையாளரை எடுத்தால் முடிவு மாறிவிடும் என்றால் அது இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். ஊர்வாரிக் கணக்கு போடும் யாரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடக்கூடாது. பெரிய வேலை ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி வகுத்துப் பார்க்க வேண்டும். அதிக நேரம் பிடிக்காத வேலை.

ஆகவே ராமேஸ்வரத்தில் நான் செய்வது இப்படி இருக்கும். விலக்குச் சொற்களைச் சேர்க்க வேண்டும், பொதுவான சொற்களுக்கு ஏலத்தொகை டவுன் அளவிலேயே இருக்க வேண்டும். லாட்ஜ், ஹோட்டல், வருடாந்திரப் பராமரிப்பு என்ற சொற்களோடு சர்வீஸ் தேடுபவர்களுக்கு மட்டும் தனி விளம்பரக் குழு அமைத்து, அங்கே கூடுதல் விலை வைக்க வேண்டும். வீட்டு அழைப்புகளை வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒதுக்கி, ஒரே பயணத்தில் மூன்று நான்கு வீட்டை முடித்தால் அந்த 50 ரூபாயும் ஏறும். அது விளம்பரத் திரையில் செய்யும் மாற்றம் இல்லைதான். ஆனால் ஏலத்தொகை எவ்வளவு வரை தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

கீழக்கரையும் சென்னை வரியும்

கீழக்கரையில் கதை வேறு. தூரம் சுமார் 17 கிலோமீட்டர். வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் தொழில் செய்யும் குடும்பங்களின் வீடுகள் நிறைய. பல மாதம் பூட்டிக் கிடக்கும், ஆள் வருவதற்கு முன்னால் மூன்று நான்கு ஏசியை ஒன்றாகச் சரிபார்க்கச் சொல்வார்கள். கடற்காற்றில் அவுட்டோர் யூனிட்டின் காயில் அரித்துக் கேஸ் கசிந்திருப்பதும் சகஜம், அதனால் வேலையின் அளவும் பெரிது. உதாரணத்தில் 21 அழைப்பில் 15 வேலை, ஒவ்வொன்றிலும் 800 ரூபாய் மிஞ்சுகிறது. மொத்தம் 12,000, ஒரு கிளிக்குக்கு 86 ரூபாய். இங்கே ஒரு பெரிய வேலையை நீக்கினாலும் எண் அவ்வளவாக அசையாது, ஏனென்றால் லாபம் 15 வீடுகளில் பரவியிருக்கிறது. கூட்டலாம்.

அதற்கு முன் சென்னை வரி. மாவட்டத்தை மட்டும் இலக்காக வைத்த விளம்பரத்துக்குச் சென்னையிலிருந்து 200 கிளிக் எப்படி வந்தது? கேம்பெயின் அமைக்கும்போது இட அமைப்பில் கூகுள் தானாகவே `Presence or interest` என்பதைத் தேர்ந்து வைத்திருக்கும். அதாவது அந்த ஊரில் இருப்பவரும், அந்த ஊரைப் பற்றித் தேடுபவரும். சென்னையில் இருந்துகொண்டு "keelakarai ac service" என்று தேடினால் விளம்பரம் தெரியும். `Presence` என்று மாற்றினால் ஊரில் இருப்பவர், அடிக்கடி வருபவர் மட்டும்.

வெளியூர் கிளிக் வீண் என்று சொல்லி `Presence` ஆக மாற்றிவிடுங்கள் என்பது எல்லோரும் கொடுக்கும் ஆலோசனை. பெரும்பாலான தொழிலுக்கு அது சரியும்கூட. ஆனால் இந்தக் கரையில் அந்தச் சென்னை அழைப்புகளை எடுத்துக் கேட்டால் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, நான் மண்ணடியில இருந்து பேசுறேன். கீழக்கரை வீட்டுல மூணு ஏசி இருக்கு. வாப்பாவும் உம்மாவும் அடுத்த வாரம் துபாய்ல இருந்து வர்றாங்க, அதுக்குள்ள பார்த்துக் குடுத்துருவீங்களா?" வீட்டைத் திறந்துவிட யார் வருவார், பணம் யார் அனுப்புவார் என்பதெல்லாம் அந்த ஒரு அழைப்பிலேயே முடிந்துவிடும். நம் உதாரணத்தில் சென்னை வரியின் 14 அழைப்பில் ஒன்பதுக்கு வேலைப் புத்தகத்தில் 623517 என்று எழுதியிருக்கிறது. சென்னையை வெட்டினால் வெட்டுப்படுவது கீழக்கரை.

இங்கே அறிக்கை பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். `Matched locations` என்ற அறிக்கையில் வரும் ஊர், போன் இருந்த ஊராகவும் இருக்கலாம், தேடலில் ஆர்வம் காட்டிய ஊராகவும் இருக்கலாம். மேலே சொன்ன மண்ணடி வாடிக்கையாளர் அதில் கீழக்கரை என்றே பதிவாகலாம். போன் உண்மையில் எங்கே இருந்தது என்று மட்டும் சொல்வது பயனர் இருப்பிட அறிக்கை. என் அட்டவணை இரண்டாவதை வைத்துப் போட்டது. இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், முதலாவதில் கீழக்கரையின் கிளிக் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அது வெளியூரிலிருந்து கீழக்கரையைத் தேடியவர்களின் அளவைச் சொல்லும். இரண்டில் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் ஊர்களை ஒப்பிடுவதால்தான் ஒரே கணக்கை வைத்து இருவர் எதிரெதிர் முடிவுக்கு வருகிறார்கள்.

வழி இதுதான். உள்ளூர் கேம்பெயினை `Presence` ஆக்கிவிடலாம். சென்னைக்குத் தனியாக ஒரு சிறிய கேம்பெயின் போட்டு, ஊர் பெயர் கலந்த சொற்களை மட்டும் அதில் வைக்க வேண்டும்: கீழக்கரை ஏசி சர்வீஸ், ராமநாதபுரம் ஏசி மெக்கானிக் என்பது போல, ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும். வெறும் "ஏசி சர்வீஸ்" அங்கே போகக்கூடாது, சென்னைக்காரர் அத்தனை பேரும் அழுத்துவார்கள். ஐபி காரணமாகச் சென்னைக்காரராகத் தெரிந்த நம்மூர்க்காரர்களும், ஊர் பெயரோடு தேடினால், இதில் பிடிபடுவார்கள். மதுரைக்கும் இதையே செய்யலாம்.

மண்டபத்தின் ஒரே அழைப்பு

40 கிளிக், ஒரு அழைப்பு, 480 ரூபாய். அட்டவணையில் மிக மோசமான வரி இதுதான், மிகக் குறைவாகச் சொல்வதும் இதுதான். அறை தேடியவர்களின் 190 கிளிக்கைக் கழித்தால் மொத்தம் 1,120 கிளிக், 110 அழைப்பு, அதாவது நூற்றுக்கு 9.8. மண்டபத்தின் உண்மையான விகிதமும் இதேதான் என்று வைத்துக்கொண்டாலும், 40 கிளிக்கில் ஒன்றோ பூஜ்யமோ அழைப்பு வர ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரு டஜன் ஊர்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத ஏதோ ஒரு ஊர் இப்படித் தெரிவது இயல்பு.

சிறிய ஊர்களுக்கு நான் பயன்படுத்தும் முறை: அந்த ஊரின் கணக்கோடு சராசரி விகிதத்தில் 100 கிளிக்கைச் சேர்த்துவிடுவது. மண்டபத்துக்கு 40 கிளிக்கோடு 100, ஒரு அழைப்போடு 9.8. ஆக 140 கிளிக்கில் 10.8 அழைப்பு, நூற்றுக்கு 7.7. சராசரியான 9.8-ஐவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் ஏலத்தொகையிலும் 20 சதவீதம் குறைக்கலாம். சேர்க்காமல் நேரடியாக வகுத்திருந்தால் 74 சதவீதம் வெட்டச் சொல்லியிருக்கும், அதற்குப் பிறகு விளம்பரமே தெரியாமல் போய், அந்த ஊரைப் பற்றி இனி எதுவும் தெரிந்துகொள்ள முடியாத நிலை வந்திருக்கும். அந்த 100 என்பது வேத வாக்கு இல்லை. பெரிய கணக்கில் கூட்டிக்கொள்ளலாம். பெரிய ஊர்களில் இது எதையும் பெரிதாக மாற்றாது, அதுதான் இதன் அழகு. கீழக்கரையில் சேர்த்துப் பார்த்தால் 240 கிளிக்கில் 30.8 அழைப்பு, நூற்றுக்கு 12.8. சராசரியைவிட 30 சதவீதம் மேலேயே நிற்கிறது.

மண்டபத்துக்கு இன்னொரு காரணமும் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் அந்த இரண்டு மாதம் வீட்டில் பணப்புழக்கம் சுருங்கிவிடும். ஏசி சீசனும் அதே நேரம். தேடுவார்கள், விலை பார்ப்பார்கள், அழைப்பதைத் தள்ளிப்போடுவார்கள். தடைக்காலத்துக் கணக்கை வைத்து ஆண்டு முழுவதற்கும் ஏலத்தொகையைக் குறைத்துவிட்டால், படகு கடலுக்குப் போய்வந்து கையில் காசு வரும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். அந்த 20 சதவீதக் குறைப்பை ஜூலையில் நீக்கிவிட்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது, சரியாகத்தான் போகிறதா என்று எப்படித் தெரியும்

கையால் ஏலத்தொகை வைக்கும் கேம்பெயினில் ஒவ்வொரு இடத்துக்கும் 90 சதவீதம் வரை குறைக்கலாம், 900 சதவீதம் வரை கூட்டலாம். மாவட்டத்துக்கு ஒன்று, அதற்குள் இருக்கும் கீழக்கரைக்கு ஒன்று என்று இரண்டும் வைத்திருந்தால் குறுகிய இடத்துக்கானது மட்டுமே செல்லும், இரண்டும் சேராது. ஆனால் நேரம், சாதனம் ஆகியவற்றுக்கு வைத்த மாற்றம் இடத்தோடு பெருகும். கீழக்கரைக்கு 25 சதவீதம், மாலை நேரத்துக்கு 20 சதவீதம் கூட்டியிருந்தால் 12 ரூபாய் 15 ஆகி, அது 18 ஆகும். மாலையில் திடீரென்று செலவு ஏறுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கீழக்கரையின் கிளிக் டவுனைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறது என்பதால் மூன்று மடங்கு ஏற்ற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, ஏற்றியதால் புதிதாக வந்த கிளிக்குக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது. மாதம் 47 கிளிக், 12 ரூபாய் வீதம் 564 ரூபாய் என்று ஓடிக்கொண்டிருந்தது. 25 சதவீதம் ஏற்றிய மாதத்தில் 60 கிளிக், சராசரி 13.50, மொத்தம் 810 ரூபாய் என்றால், கூடுதல் 13 கிளிக்குக்குக் கூடுதலாகக் கொடுத்தது 246. ஒரு புதிய கிளிக் 19 ரூபாய். அது 86 சம்பாதிக்கும் என்றால் தாராளமாக இன்னும் ஏற்றலாம். அதே மாதத்தில் 48 கிளிக்தான், சராசரி 14.50, மொத்தம் 696 என்று வந்தால், ஒரே ஒரு புதிய கிளிக்குக்கு 132 ரூபாய் கொடுத்திருக்கிறோம். ஏற்கெனவே முதலிடத்தில் தெரிந்துகொண்டிருந்த விளம்பரம், அதே ஆட்களுக்கு அதிக விலை கொடுத்திருக்கிறது. உடனே பழைய இடத்துக்கு இறக்கிவிட வேண்டும். அறிக்கையில் சராசரியைப் பார்த்தால் 14.50 என்பது ஒன்றும் பயமுறுத்தாது. கூடுதலை மட்டும் பிரித்து வகுத்தால்தான் 132 கண்ணில் படும்.

ஒரு தடவையில் 20, 25 சதவீதத்துக்கு மேல் போகாமல், ஒரு மாதமாவது விட்டுப் பார்த்து, அடுத்த படி போவது நல்லது. அந்த மாதத்தில் வேறு எதையும், முக்கியமாக விளம்பர வாசகத்தையும் விலக்குச் சொற்களையும், மாற்றக்கூடாது. ராமேஸ்வரத்துக்கான விலக்குச் சொற்களைச் சேர்த்த அதே நாளில் கீழக்கரையை ஏற்றினால், பட்ஜெட் பொதுவாக இருக்கும் பட்சத்தில், ராமேஸ்வரத்தில் மிச்சமான பணம் கீழக்கரையில் செலவாகி, எது எதனால் நடந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

தானியங்கி ஏலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அழைப்பு எண்ணிக்கையையோ அதன் மதிப்பையோ கூட்டச் சொல்லி கூகுளிடமே விட்டிருந்தால், இடத்துக்கு வைத்த சதவீதங்கள் செல்லாது. திரையில் எண் இருக்கும், வேலை செய்யாது. அங்கே கீழக்கரையின் அழைப்புக்கு மதிப்பு அதிகம் என்று சொல்லும் வழி `Conversion value rules`. இடத்தை நிபந்தனையாக வைத்து, அங்கிருந்து வரும் அழைப்பின் மதிப்பை இத்தனை மடங்காகக் கொள் என்று சொல்லலாம். அதுவும் மதிப்பை வைத்து ஏலம் போடும் முறைகளில்தான் பயன்படும், வெறும் எண்ணிக்கையைக் கூட்டும் முறையில் பயன்படாது. மடங்கு எவ்வளவு என்பதற்கு மறுபடியும் வேலைப் புத்தகம்தான். ராமநாதபுரத்தில் ஒரு அழைப்பு 18,000-ஐ 62-ஆல் வகுத்த 290 ரூபாய், கீழக்கரையில் 12,000-ஐ 21-ஆல் வகுத்த 571 ரூபாய். ஏறத்தாழ இரண்டு மடங்கு. நான் 1.5-இல் தொடங்கி, அடுத்த மூன்று மாத வேலைப் புத்தகம் அதைத் தாங்குகிறதா என்று பார்த்தே 2-க்குப் போவேன்.